ரெப்போ வட்டியை ஏற்றினால் சந்தையில் விலை ஏன் குறைய வேண்டும்?

கவிதா_திண்டுக்கல்

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி இது.

2021 ஜூனில் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். 20 வருடம், 6.7 சதவீத வட்டி, மாதத் தவணை 22,722 ரூபாய். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவோடு ஏறி இறங்கும் வட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்போது ரெப்போ 4 சதவீதம், அதற்கு மேல் வங்கியின் பங்கு 2.7. 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ஏற்ற ஆரம்பித்தது. 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5, என் வட்டி 9.2.

முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் தவணை மாறவே இல்லை. பாக்கி 19 வருடம் என்பது 22 ஆனது, அப்புறம் 29 ஆனது. அதற்குப் பிறகுதான் தவணையை 27,400க்கு அருகில் உயர்த்திக் கடிதம் வந்தது. மாதம் கிட்டத்தட்ட 4,700 கூடுதல்.

கேட்டால் விலைவாசியைக் கட்டுப்படுத்த என்றார்கள். ஆனால் அதே 2023 ஜூலையில், ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் தக்காளியை 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினோம். என் தவணை ஏறினால் தக்காளி விலை எப்படிக் குறையும்? புரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

அருண்குமார்92

இது எளிமையான விஷயம்தான் மேடம். வட்டி ஏறினால் எல்லோரும் பணத்தை எஃப்டியில் போட்டுவிடுவார்கள். அந்தப் பணம் வங்கிக்குள் முடங்கிவிடும். வெளியே புழங்கும் பணம் குறையும், பொருள் அதே அளவுதான் இருக்கும். அப்போது விலை குறைந்துதானே ஆக வேண்டும்? ரிசர்வ் வங்கி சந்தையிலிருந்து பணத்தை உறிஞ்சுகிறது என்று செய்தியில் சொல்வது இதைத்தான்.

---

மாணிக்கம்_ஓய்வு

அருண் தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. 31 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் மற்ற பாதியைச் சொல்கிறேன்.

எஃப்டியில் போட்ட பணம் முடங்குவதில்லை. வங்கி அதை அடுத்த ஆளுக்குக் கடனாகக் கொடுத்துவிடும். எஃப்டி போட்டவர் செலவைத் தள்ளிப்போட்டார் என்பதுவரை சரி. ஆனால் கடன் வாங்கியவர் அதே பணத்தைச் செலவு செய்தால் கணக்கு நேராகிவிடும். ஆகவே கவனிக்க வேண்டிய இடம் எஃப்டி கவுண்டர் இல்லை, கடன் கவுண்டர். புதிதாகக் கடன் கேட்டு வருகிறவர்கள் குறைகிறார்களா என்பதுதான் கேள்வி.

உறிஞ்சுவது என்பது தனி வேலை. அது வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் நடுவில் நடக்கிறது. 2022 ஏப்ரல் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் விட்ட பணம் வங்கிகளிடம் மிதமிஞ்சிக் கிடந்தது. ரெப்போ என்பது ரிசர்வ் வங்கியிடம் வங்கிகள் கடன் வாங்கும் விலை. கையில் பணம் கொட்டிக் கிடக்கும்போது யார் போய் வாங்குவார்கள்? அப்போது வங்கிகள் மிச்சப் பணத்தை ரிசர்வ் வங்கியிடமே 3.35 சதவீதத்துக்குப் போட்டு வைத்திருந்தன. வங்கிக்கு வங்கி ஒரு ராத்திரிக்குக் கைமாறும் பணத்தின் வட்டியும் அதை ஒட்டித்தான் இருந்தது. பலகையில் 4 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடியது அதற்குக் கீழே.

அதனால் முதல் அடியை ரெப்போவில் வைக்கவில்லை. ஏப்ரல் 8ஆம் தேதி, வங்கிகள் மிச்சப் பணத்தைப் போட 3.75 சதவீதத்தில் புதிய வசதியைத் திறந்தார்கள். ரிசர்வ் வங்கியே 3.75 தரும்போது இன்னொரு வங்கிக்கு 3.4க்கு யாரும் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? தரைமட்டம் உயர்ந்தது. மே 4ஆம் தேதி, வட்டியை முடிவு செய்யும் கூட்டம் நடக்க வேண்டிய நாளே இல்லை, திடீரென்று ரெப்போவை 4.40 ஆக்கினார்கள். கூடவே, வங்கிகள் வைப்புத் தொகையில் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயமாக வைக்க வேண்டிய பங்கான சிஆர்ஆரை அரை சதவீதம் கூட்டினார்கள். அந்த ஒன்றிலேயே சுமார் 87,000 கோடி ரூபாய் வங்கிகளின் கையிலிருந்து போனது. நீங்கள் சொன்ன உறிஞ்சுதல் இதுதான்.

இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். வங்கிகளிடம் பணம் வழிந்துகொண்டிருக்கும்போது ரெப்போவை மட்டும் ஏற்றினால், அறிவிப்பு வெளியே இருக்கும், வட்டி உள்ளே இறங்காது.

---

ஜெயந்தி_ராகவன்

நல்ல நேரத்தில் இந்த இழை வந்தது. என் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கொஞ்சம் வருகிறது, மற்றபடி எஃப்டி வட்டிதான். 2021இல் ஐந்தரை சதவீதத்துக்கும் கீழே கொடுத்தார்கள், கஷ்டப்பட்டோம். 2023இல் மூத்த குடிமக்களுக்கு ஏழரை வரை கிடைத்தபோது மூன்று வருடத்துக்குப் போட்டு வைத்தோம். இப்போது வட்டி இறங்குகிறது என்கிறார்கள். அதை உடைத்து இன்னும் நீண்ட காலத்துக்குப் போடலாமா?

---

மாணிக்கம்_ஓய்வு

அம்மா, உடைக்கவே வேண்டாம். ஏழரை ஓடிக்கொண்டிருக்கும் ரசீதை இப்போது உடைத்தால் அபராதமும் போகும், புதிதாகப் போடுவது இன்றைய குறைந்த வட்டிக்குத்தான். முதிர்வு வரை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் சொன்னதில் கவிதா அம்மாவின் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. வட்டி ஏறியபோது உங்கள் அம்மாவின் வருமானம் கூடியது. அவர் முன்பைவிடக் கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்திருப்பார். ஆக, வட்டி ஏற்றம் எல்லோருடைய செலவையும் குறைப்பதில்லை. கடன்காரர் பையிலிருந்து எடுத்து வைப்புதாரர் பையில் போடுகிறது. கடன்காரர்கள் பொதுவாக இளம் குடும்பங்கள், வரும் காசை அப்படியே செலவு செய்கிறவர்கள். வைப்புதாரர்களில் பலர் வட்டியை எடுத்து மறுபடி போட்டு வைப்பவர்கள். அதனால் மொத்தத்தில் செலவு குறையும் என்பதுதான் கணக்கு. உங்கள் அம்மா மாதிரி வட்டியை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் அது தலைகீழ்.

---

கவிதா_திண்டுக்கல்

சரி சார், புரிகிறது. என்னிடம் 4,700 எடுத்ததால் நான் செலவைக் குறைத்தேன், உண்மைதான். அந்த வருஷம் வாஷிங் மெஷின் மாற்ற வேண்டியிருந்தது, பழையதையே பழுது பார்த்தோம். பையனுக்கு சைக்கிள் தள்ளிப்போனது. ஆனால் இதெல்லாம் 2023இல்தானே நடந்தது? 2022 மே முதல் டிசம்பர் வரை என் தவணை ஒரு ரூபாய்கூட மாறவில்லையே? அந்த எட்டு மாதம் வட்டி ஏறி என்ன பலன்?

---

மாணிக்கம்_ஓய்வு

மிகச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதைச் செய்தித்தாளில் யாரும் எழுதுவதில்லை.

2019 அக்டோபர் 1 முதல், புதிய வீட்டுக் கடன்களின் மாறும் வட்டியை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். அதற்கு முன்னால், ஒவ்வொரு வங்கியும் தன் சொந்தச் செலவை வைத்துக் கணக்கிடும் எம்சிஎல்ஆர் என்ற அளவுகோல் இருந்தது. ரெப்போ மாறினால் அது அசைய மாதக்கணக்கில் ஆகும், முழுதாகவும் அசையாது. அந்த வகையில் உங்கள் கடன் வேகமானது.

ஆனால் வட்டி வேகமாக ஏறினாலும் வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டால், உங்கள் மாதச் செலவில் மாற்றமே இல்லை. சுமை வயதான காலத்துக்குத் தள்ளிப்போகிறது. விலைவாசிக் கணக்கில் அந்த மாதங்களில் உங்கள் வீட்டிலிருந்து எந்த உதவியும் இல்லை. ரிசர்வ் வங்கி பிரேக்கை மிதிக்கிறது, வங்கி நடுவில் மெத்தை வைத்துவிடுகிறது.

உங்கள் கடனில் அந்த மெத்தை ஏன் தீர்ந்துபோனது என்று பாருங்கள். 2023 தொடக்கத்தில் பாக்கி சுமார் 29 லட்சம் இருந்திருக்கும். 9.2 சதவீதத்தில் அதற்கு ஒரு மாத வட்டியே 22,200 ரூபாயைத் தாண்டும். பழைய தவணையான 22,722ஐயே கட்டியிருந்தால் அசலில் கழிவது மாதம் 500 ரூபாய்க்கும் குறைவு. அப்படியே போனால் முடிய 40 வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் வயதுக்கு அதை எந்த வங்கியும் அனுமதிக்காது. உங்களைப் போலவே, ஆனால் 2022 ஏப்ரலில் 30 லட்சம் வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். பாக்கி கிட்டத்தட்ட முழு 30 லட்சமும் அப்படியே. அவருக்கு 9.2இல் மாத வட்டி ஏறக்குறைய 23,000. அவருடைய தவணையோ அதைவிடக் குறைவு. கட்டக் கட்டக் கடன் வளரும்.

இப்படிப் பலருக்கு நடந்ததால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி திருத்தும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று கடன்காரரிடம் கேட்க வேண்டும் என்றது. காலத்தை நீட்டும்போது தவணை மாத வட்டிக்குக் கீழே போய்விடக் கூடாது என்றும் சொன்னது. உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது வருத்தமான விஷயம். அப்போது அந்த விதி இல்லை.

---

தமிழரசு

மாணிக்கம் ஐயா சொல்லும் கணக்கு எல்லாம் சரியாக இருக்கலாம். எனக்கு அடிப்படையிலேயே உடன்பாடு இல்லை.

வட்டி என்பது தொழில் செய்கிறவனுக்கு ஒரு செலவு. டீசல் விலை ஏறினால் பொருள் விலை ஏறுகிறது. அதேபோல வட்டி ஏறினாலும் விலை ஏறத்தானே செய்யும்? கடைக்காரன் அதை நம் தலையில்தான் வைப்பான். அப்படியானால் வட்டியை ஏற்றி விலையைக் குறைப்பது எப்படி நடக்கும்?

இன்னொன்று. 2022இல் விலை ஏறியதற்குக் காரணம் உக்ரைன் போர். கச்சா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கோதுமை. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மும்பையில் ரெப்போவை ஏற்றினால் கருங்கடலில் கப்பல் நகருமா? விலை இறங்கியதற்கும் வட்டி காரணமில்லை. மே மாதம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 ரூபாய் வரி குறைத்தது. கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. அப்புறம் உலகச் சந்தையும் இறங்கியது. நடுவில் வீட்டுக் கடன் வாங்கியவன்தான் மாட்டிக்கொண்டான்.

---

பனியன்_செந்தில்

தமிழரசு அண்ணா, நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். திருப்பூரில் சின்ன யூனிட். உள்நாட்டுச் சந்தைக்கு பனியன், டி-சர்ட். ஏற்றுமதி கிடையாது.

தொழில் நடத்த வங்கியில் எடுக்கும் சிசி கடன் கணக்கில் எனக்குச் சராசரியாக 60 லட்சம் ஓடும். வட்டி எட்டரையில் இருந்தது, ஒரு வருடத்தில் பதினொன்றைத் தொட்டது. கூடுதல் செலவு வருடத்துக்கு ஒன்றரை லட்சம், மாதம் 12,500. நீங்கள் சொன்ன மாதிரியேதான் நானும் நினைத்தேன். டஜனுக்கு இத்தனை என்று சேர்த்து ரேட் போட்டு அனுப்பினேன். மொத்த வியாபாரி வாங்கவில்லை. "கடைகளில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது, போன வருஷ ரேட்டுக்குக் கொடுத்தால் எடுக்கிறேன்" என்றார். பக்கத்து யூனிட்டில் மிஷின் சும்மா நின்றது. நான் கொடுக்காவிட்டால் அவர் கொடுத்துவிடுவார். அந்த 12,500 என் லாபத்திலிருந்துதான் போனது.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், செலவு ஏறியதும் உண்மை, அதை விலையில் வைக்க முடியாமல் போனதும் உண்மை. கவிதா அக்கா மாதிரி பேர் வாங்குவதைத் தள்ளிப்போட்டதுதான் கடைசியில் என் ரேட்டை நிறுத்தியது போல.

வட்டி ஏறியதால் நான் செய்த வேலை இரண்டு. இரண்டு நிட்டிங் மிஷின் வாங்க கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டேன். அடுத்தது நூல் ஸ்டாக். 2021, 2022 ஆரம்பத்தில் மாதம் பிறந்தால் நூல் விலை ஏறும். அதனால் எல்லோரும் மூன்று மாத நூலை முன்கூட்டியே வாங்கிக் குடோனில் அடுக்கினோம். 2022 பிற்பாதியில் ஒரு மாத நூலுக்கு மேல் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

---

மாணிக்கம்_ஓய்வு

செந்தில் தம்பி, வங்கியில் இருந்த காலத்தில் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பார்த்தே கண் தேய்ந்தவன் நான். இந்த நூல் விஷயத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். கூடுதலாக வைத்திருந்த இரண்டு மாத நூல் எவ்வளவு மதிப்பு?

---

பனியன்_செந்தில்

20 லட்சம் என்று வையுங்கள்.

---

மாணிக்கம்_ஓய்வு

அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சத்துக்கு இரண்டு மாத வட்டி, எட்டரையில் சுமார் 28,300. பதினொன்றில் சுமார் 36,700. வித்தியாசம் 8,400 ரூபாய். நூல் விலை இரண்டு மாதத்தில் 5 சதவீதம் ஏறும் என்று நீங்கள் நம்பியிருந்தால் அந்த ஸ்டாக்கில் ஒரு லட்சம் மிச்சம். ஒரு லட்சத்துக்கு முன்னால் 8,400 உங்களைத் தடுத்திருக்காது. நீங்கள் இன்னும் அடுக்கியிருப்பீர்கள்.

ஆகவே உங்களை நிறுத்தியது வட்டி மட்டும் இல்லை. விலை இனிமேல் ஏறாது என்று உங்களுக்குத் தோன்றியதுதான். அது தோன்றிய பிறகு, 36,700 வட்டி கட்டி நூலை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. பதினொன்று சதவீத வட்டி என்பது விலை பன்னிரண்டு ஏறும் காலத்தில் ஒன்றுமே இல்லை, விலை நிற்கும் காலத்தில் பெரிய பாரம்.

ரிசர்வ் வங்கிக்கு இருக்கும் பயமும் இதே இடத்தில்தான். எல்லோரும் விலை ஏறும் என்று நினைத்தால் எல்லோரும் இன்றே வாங்கி அடுக்குவார்கள். அந்த அடுக்குவதே விலையை ஏற்றிவிடும். வீட்டுக்காரர் வாடகையை முன்கூட்டியே கூட்டுவார், தொழிலாளி அதற்குத் தகுந்த கூலி கேட்பார். அந்தச் சுற்றை உடைக்கத்தான் மே 4ஆம் தேதி கூட்டம் இல்லாத நாளில் ஏற்றினார்கள். தொடர்ந்து ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று முறையும் அரை அரை சதவீதமாக ஏற்றினார்கள். நிறுத்தமாட்டோம் என்று காட்டுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

---

தமிழரசு

ஐயா, நூல் விலை இறங்கியதற்கு உலகப் பஞ்சு விலை இறங்கியது காரணம் இல்லையா? செந்தில் தம்பிக்கு விலை ஏறாது என்று தோன்ற வைத்தது ரிசர்வ் வங்கியா, பஞ்சுச் சந்தையா?

---

பனியன்_செந்தில்

நேர்மையாகச் சொன்னால், பஞ்சு இறங்குகிறது என்று மில்காரர்கள் பேசியதைக் கேட்டுத்தான் நான் நிறுத்தினேன். ரெப்போ என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. வங்கியிலிருந்து வந்த வட்டிப் பிடித்தம்தான் தெரியும்.

---

மாணிக்கம்_ஓய்வு

அதை நான் மறுக்கவில்லை. பஞ்சில் உலகச் சந்தைக்குத்தான் பெரிய பங்கு. தமிழரசு, நீங்கள் சொன்ன வரிக் குறைப்பும் பாமாயில் இறங்கியதும் விலையைக் குறைத்தவைதான். அடுத்ததாகக் கவிதா அம்மாவின் தக்காளிக்கு வருகிறேன், அங்கே நமக்குள் வேறுபாடு குறையும்.

2023 ஜூலையில் சில்லறை விலை உயர்வு 7.44 சதவீதம். ரெப்போவை ஏற்றி நிறுத்தி ஐந்து மாதம் ஆன பிறகு. ஆகஸ்டில் 6.83, செப்டம்பரில் 5.02. நடுவில் ரெப்போ 6.5இலேயே நின்றது, ஒரு புள்ளிகூட ஏற்றவில்லை. தக்காளி விளைச்சல் கெட்டதால் ஏறியது, அடுத்த அறுவடை வந்ததும் இறங்கியது. தமிழ்நாட்டில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்தச் சமயத்தில் உதவியது அதுதான், வட்டி இல்லை. வட்டியால் ஒரு தக்காளிச் செடியையும் காய்க்க வைக்க முடியாது. கவிதா அம்மா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது: உங்கள் தவணைக்கும் தக்காளிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

சம்பந்தம் இருப்பது மற்றவற்றோடு. உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது வாடகை, துணி, பள்ளிக் கட்டணம், மருத்துவம், வீட்டுச் சாமான், முடிவெட்டும் கடை எல்லாம். அந்தப் பகுதியின் விலை உயர்வு 2022 முழுக்க 6 சதவீதத்தை ஒட்டியே அசையாமல் நின்றது. வெளியே எண்ணெய் இறங்கியும் அது இறங்கவில்லை. 2023இல்தான் மெல்ல இறங்கி, வருடக் கடைசியில் 4க்குக் கீழே வந்தது. வட்டி ஏற்றியது 2022 மேயில், பலன் தெரிந்தது ஒன்றரை வருடம் கழித்து. வட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் தக்காளியைப் பார்க்காமல் இந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. சில்லறை விலை உயர்வைக் கணக்கிடும் பொருள்களின் கூடையில் அப்போது உணவும் பானமும் மட்டும் 45.86 சதவீதம் இருந்தன. ரிசர்வ் வங்கிக்குக் கொடுத்த இலக்கோ மொத்தக் கூடைக்கும் சேர்த்து 4 சதவீதம், மேலே 6, கீழே 2. அதாவது கூடையில் கிட்டத்தட்ட பாதி அதன் கைக்கு எட்டாததாக இருந்தது. 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டும் சராசரி 6ஐத் தாண்டியதால், ஏன் தவறினோம் என்று சட்டப்படி அரசுக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. அந்தக் கடிதம் வெளியிடப்படவில்லை. வெளியிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

---

அருண்குமார்92

அப்போது கைக்கு எட்டாத பாதிக்காக எட்டும் பாதியை இன்னும் அழுத்துகிறார்கள் என்று ஆகிறதே? இது கவிதா மேடம் போன்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

---

மாணிக்கம்_ஓய்வு

சில நேரம் அப்படித்தான் ஆகிறது தம்பி. உணவு விலை ஒரு மாதம் இரண்டு மாதம் ஏறினால் விட்டுவிடலாம், 2023 ஜூலையில் விட்டார்கள். மாதக்கணக்கில் நின்றால் அது கூலிக்கும் வாடகைக்கும் ஹோட்டல் சாப்பாட்டுக்கும் பரவும். டீக்கடைக்காரர் பால் விலைக்காக ஏற்றிய 2 ரூபாயை, பால் இறங்கினாலும் திரும்பக் குறைக்கமாட்டார். அந்தப் பரவலைத் தடுக்கத்தான் அழுத்தம். எத்தனை மாதம் பொறுக்கலாம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

---

யாழ்_நிலா

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வாசித்துக்கொண்டு வரும்போது எங்கட அனுபவம் ஞாபகம் வந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி, உங்கட ரிசர்வ் வங்கி தரையைக் கொஞ்சம் உயர்த்தின அதே நாள், எங்கட மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதம் ஏற்றினது. கடன் கொடுக்கும் வீதம் ஏழரையிலிருந்து பதினாலரை. அப்படியிருந்தும் கொழும்பு விலைச் சுட்டெண் செப்டம்பரில் 69.8 சதவீதம்வரை போனது. ரூபாயின் பெறுமதி விழுந்து, இறக்குமதிச் சாமான் எல்லாம் ஏறின காலம் அது. ஒரு வருசம் கழிச்சு, 2023 செப்டம்பரில், அது 1.3.

ஒரு விசயத்தை இங்க யாரும் சொல்லவில்லை. 1.3 என்று வந்ததும் ஆட்கள் "விலை குறைஞ்சிட்டுது என்று சொல்லுகினம், கடையில குறையேல்லையே" என்று கேட்டவை. குறைஞ்சது ஏறுகிற வேகம். ஏறின விலை ஏறினபடிதான் நிக்குது. எங்கட சம்பளம் அந்தளவுக்கு ஏறவில்லை. தலைப்பில "விலை ஏன் குறைய வேண்டும்" என்று இருக்கிறபடியால் சொல்லுறன். வட்டி ஏற்றுகிறது விலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இல்லை.

---

கவிதா_திண்டுக்கல்

நிலா, இதைச் சொன்னதற்கு நன்றி. நானும் அந்தத் தவறைத்தான் செய்துகொண்டிருந்தேன். விலை குறையும், குறையும் என்றுதான் காத்திருந்தேன். நீங்கள் பட்ட கஷ்டத்துக்கு முன்னால் என் 4,700 சிறியதுதான்.

---

தமிழரசு

மாணிக்கம் ஐயா, உணவு நீங்கிய பகுதி ஒன்றரை வருடம் கழித்து இறங்கியது என்கிறீர்கள். அது வட்டியால்தான் என்று எப்படித் தெரியும்? பெட்ரோல் விலை துணிக்கும் போக்குவரத்துக்கும் பரவ மாதங்கள் ஆனால், அது இறங்கியதும் பரவ மாதங்கள் ஆகும். அதே ஒன்றரை வருடத்தில் அதுவும் முடிந்திருக்கலாமே. இன்னொன்றும் இருக்கிறது. வட்டி ஏற்றிய அந்த 2022-23இல் வங்கிக் கடன் குறைந்ததா? 15 சதவீதம் வளர்ந்தது. நீங்களே முதல் பதிவில் கடன் கவுண்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். அங்கே கூட்டம் குறையவில்லையே.

---

மாணிக்கம்_ஓய்வு

இந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுத் திருப்தியான பதில் இல்லை. கடன் வளர்ந்தது உண்மை. கொரோனாவில் அடங்கிக் கிடந்த தேவை, ஏறிய விலைக்கே கூடுதல் நடைமுறை மூலதனம், கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கிடைத்த தனிநபர் கடன் என்று பல காரணம். செல்போனுக்கும் சுற்றுலாவுக்கும் கடன் வாங்குகிறவர் 14 சதவீதமா 16 சதவீதமா என்று பார்ப்பதில்லை, மாதம் எவ்வளவு என்றுதான் பார்ப்பார். அங்கே ரெப்போ போய்த் தைக்கவே இல்லை. கடைசியில் 2023 நவம்பரில் அந்த வகைக் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று விதியை இறுக்கித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். வட்டி தொடாத இடத்தை வேறு கருவியால் தொட வேண்டியிருந்தது.

வட்டி ஏறாமலே இருந்திருந்தால் கடன் 15க்குப் பதில் 20 வளர்ந்திருக்குமா என்று யாராலும் போய்ப் பார்க்க முடியாது. வளர்ந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். உங்களை நம்ப வைக்க என்னிடம் ஆதாரம் போதாது.

---

தமிழரசு

அதை ஒப்புக்கொண்டதற்கு மரியாதை ஐயா. செந்தில் தம்பியின் ரேட்டை மொத்த வியாபாரி மறுத்தது மட்டும் என் வாதத்தில் பொருந்தவில்லை. அதை நான் யோசிக்க வேண்டும்.

---

கவிதா_திண்டுக்கல்

கடைசியாக ஒன்று. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போவை ஒரு சதவீதம் குறைத்தார்கள், ஜூனில் அது 5.5 ஆனது. அதன் பிறகு என் வட்டி 8.2 என்று செயலியில் காட்டியது. தவணை மட்டும் அதே 27,400இல் நின்றது. இதுவும் அந்த மெத்தைதானா?

---

மாணிக்கம்_ஓய்வு

அதேதான், இந்த முறை மறுபக்கம். காலத்தைக் குறைத்திருப்பார்கள், அது உங்களுக்கு நல்லதும்கூட. பையனின் படிப்புச் செலவு நெருக்குகிறது என்றால் கிளைக்குப் போய்த் தவணையைக் குறைக்க எழுதிக் கொடுங்கள். முடியும் என்றால் 27,400ஐயே கட்டுங்கள், சில வருடம் முன்னதாக முடியும். ஆனால் எல்லோரும் அப்படியே கட்டினால், வட்டியைக் குறைத்து மக்களைச் செலவு செய்ய வைக்கும் திட்டமும் அந்த அளவுக்கு மெதுவாகத்தான் நடக்கும்.

செந்தில் தம்பி, சிசி வட்டி இறங்கியதா? அந்த நிட்டிங் மிஷின் என்ன ஆயிற்று?

---

பனியன்_செந்தில்

முக்கால் சதவீதம் இறங்கியிருக்கிறது சார். பழைய கொட்டேஷனைப் போன மாதம் எடுத்துப் பார்த்தேன். ஆனால் இருக்கிற மிஷினே வாரத்தில் நான்கு நாள்தான் ஓடுகிறது. ஆர்டர் வரட்டும் என்று திரும்ப வைத்துவிட்டேன்.